இரவுப் பட்டியலை எவ்வளவு நம்பலாம்?

மளிகைக் கடையில் இரவு கணக்கு முடித்ததும், பில் போடும் கணினியே இருப்பைப் பார்த்து, தீரப்போகும் சரக்குகளை ஏஜென்சி வாரியாகப் பிரித்து ஒரு வரைவுப் பட்டியல் தருகிறது. முதலாளி சரி என்றால்தான் ஆர்டர் போகும். சேல்ஸ்மேன் வந்து நிற்கும்போது அலமாரியை அண்ணாந்து பார்த்து ஞாபகத்தில் சொல்லும் ஆர்டரில் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். அந்தக் குறையை இது தீர்க்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ‘குறைவு’ என்று அது எதை வைத்துச் சொல்கிறது என்பதில்தான் சந்தேகம்.

பத்துக்குக் கீழே போனால் சொல் என்று எல்லாச் சரக்குக்கும் ஒரே எண்ணை வைத்துவிடுவது எளிது. ஒரு கிலோ துவரம் பருப்புப் பாக்கெட் நாளுக்கு 6 போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்சி ஆள் செவ்வாய்தோறும் வருவார், சரக்கு வியாழக்கிழமை காலை இறங்கும். புதன் இரவு 9 பாக்கெட்தான் இருக்கிறது என்று பட்டியல் எச்சரித்து என்ன பயன்? அது ஒன்றரை நாள் விற்பனை. செவ்வாய்க்கிழமைதான் சொல்ல முடியும் என்பதால், சரக்கு வர எட்டு நாள் ஆகும்.

திங்கள் இரவே பட்டியல் பேசியிருக்க வேண்டும். செவ்வாய் சொல்லும் ஆர்டர் அடுத்த வாரத்து வியாழன்வரை, 9 நாள் தாங்க வேண்டும். அதற்கு 54 பாக்கெட். முன்னெச்சரிக்கையாக இரண்டு நாளுக்கு 12 சேர்த்தால் 66. கையில் 30 இருந்தால் 36 தேவை. பெட்டிக்கு 24 என்றால் 2 பெட்டி. ஏற்கெனவே சொல்லி வராமல் நிற்கும் பெட்டி இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே சரக்கு இரண்டு தரம் வந்து இறங்கும்.

இதைவிட ஆழமான பிழை சராசரியில் இருக்கிறது. அதே பருப்பு 28 நாளில் 14 நாள் கடையில் இல்லாமலே போய், மீதி 14 நாளில் 84 விற்றிருந்தால், கணினி 84-ஐ 28-ஆல் வகுத்து நாளுக்கு 3 என்கிறது. சரக்கு இருந்த நாளை மட்டும் எண்ணினால் 6. பாதி வாங்குவதால் மறுபடி தீர்கிறது, தீர்வதால் சராசரி இன்னும் இறங்குகிறது. வாடிக்கையாளர் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனது பில்லில் ஏறாது.

கணினியில் 8 பாக்கெட் இருக்க, அலமாரி காலியாக இருப்பதும் உண்டு. எலி கடித்ததும் வேறு பெயரில் பில் போட்டதும் கணக்கில் வராததால் அந்தப் பொருள் பட்டியலுக்கே வராது. தினமும் போகும் சரக்கு இருப்பு இருந்தும் மூன்று நாளாக விற்கவில்லை என்றால், போய்க் கையால் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தச் சரக்குகளைத் தனியாகக் காட்டாத பட்டியல் அரைகுறைதான்.

முதலாளியின் ஒப்புதலும் வெறும் சடங்காகிவிடக் கூடாது. களைத்த நேரத்தில் ஐம்பது வரிகளை ஒரே தட்டில் சரி என்பவர் எதையும் பார்க்கவில்லை. இருப்பு, நாள் விற்பனை, வரவேண்டியது மூன்றும் ஒவ்வொரு வரியிலும் இருந்தால்தான், நாளை மறுநாள் கல்யாண வீட்டு ஆர்டர் இருப்பதை அவர் சேர்க்க முடியும்.

என் தீர்ப்பு இது: சேல்ஸ்மேன் வரும் நாளையும் சரக்கு இல்லாத நாளையும் கணக்கில் எடுக்கும் பட்டியலை வைத்துக்கொள்ளலாம். ஒரே எண்ணை வைத்து ஓடும் பட்டியலைவிட, சேல்ஸ்மேன் வருவதற்கு முந்தின இரவு நோட்டுப் புத்தகத்தோடு அலமாரியைச் சுற்றி வருவதே மேல்.