கோட்பாடும் ஆய்வு வினாவும்: மொழிப்பயன்பாட்டு ஆய்வேடு ஒன்றின் கோட்பாட்டு இயலை முன்வைத்து

தமிழியல் ஆய்வேடுகளில் கோட்பாட்டுச் சட்டகத்திற்கெனத் தனி இயல் ஒதுக்கும் வழக்கம் இன்று நிலைபெற்றுவிட்டது. அவ்வியல் பெரும்பாலும் கோட்பாட்டாளரின் பிறப்பும் கல்வியும் கூறித் தொடங்கும். அவர்தம் நூல்களைச் சுருக்கித் தரும். அம்புக்குறிகள் நிறைந்த ஒரு வரைபடத்துடன் முடியும். சுருக்கம் பிழையின்றி அமைந்துவிட்டால் மதிப்பீட்டாளரும் மனநிறைவு கொள்வது உண்டு. ஆயின், கோட்பாடு சரியாக விளக்கப்பட்டுள்ளதா என்பது ஒரு கேள்வி. அவ்வாய்வின் வினாக்களுக்கு அது விடை தேட உதவுகிறதா என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்வியையே நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

இதற்கென ஒரு மாதிரியை அமைத்துக்கொள்வோம். இது தனி ஒருவரின் ஆய்வேடன்று. பல ஏடுகளில் காணப்படும் இயல்புகளைத் திரட்டி நாம் புனைந்துகொண்டது. சிலாங்கூர் மாநிலத் தமிழ்க் குடும்பங்களின் மொழிப்பயன்பாட்டை ஆராயும் அவ்வேடு மூன்று வினாக்களை எழுப்புகிறது. குடும்பத்தினர் எம்மொழியை எங்குப் பயன்படுத்துகின்றனர்? பெற்றோர் பிள்ளைகளிடம் ஆங்கிலம் பேச விழைவது ஏன்? அதனால் பிள்ளைகளின் தமிழ்மொழி அடைவுநிலை பாதிக்கப்படுகிறதா? இம்மூன்றிற்கும் ஜோசுவா ஃபிஷ்மனின் களக் கோட்பாடே அடிப்படை என ஆய்வாளர் அறிவிக்கிறார்.

ஃபிஷ்மன் கூறுவது யாது? யார், யாரிடம், எப்பொழுது, எம்மொழி பேசுகின்றனர் என்னும் வினாவை 1965இல் வெளிவந்த தம் கட்டுரையில் அவர் முன்வைத்தார். பின்னர் ஜெர்சி நகரத்துப் புவேர்த்தோ ரிக்கோ மக்களிடையே அவர் குழுவினர் நடத்திய ஆய்வில் குடும்பம், நட்பு, சமயம், கல்வி, பணி என ஐந்து களங்கள் கொள்ளப்பட்டன. இங்குக் களம் என்பது வெறும் இடமன்று. பேசுவோரிடையே உள்ள உறவு, பேசும் இடம், பேசும் பொருள் ஆகிய மூன்றும் இயல்பாக இயைந்து நிற்கும் நிலையே களம். எடுத்துக்காட்டாக, ஆசிரியரும் மாணவரும் வகுப்பறையில் பாடம் குறித்துப் பேசுவது முழு இயைபுடைய நிலை.

இவ்விளக்கத்தை நம் மாதிரி ஏடும் பிழையறத் தருகிறது. முதல் வினாவும் கோட்பாட்டுடன் நன்கு பொருந்துவதாகவே தோன்றும். ஆனால், வினாநிரலைப் புரட்டிப் பார்த்தால் ‘நீங்கள் வீட்டில் எம்மொழி பேசுகிறீர்கள்?’ என்ற ஒற்றை வரியே உள்ளது. களம் மீண்டும் இடமாகிவிட்டது. இதன் விளைவை ஒரு சிறு காட்சியால் உணரலாம். உணவு மேசையருகே அமர்ந்திருக்கும் பேரனிடம் சாப்பிட்டாயா என்று பாட்டி தமிழில் கேட்கிறார். அவனோ கணக்குப் பாடத்தை ஆங்கிலத்தில் கற்பவன். வீட்டுப்பாடத்தைப் பற்றி அதே மேசையருகே தாய் அவனிடம் ஆங்கிலத்தில் கேட்கிறார். இடம் ஒன்றே, உறவும் பொருளும் வேறு. கல்விக் களத்திற்குரிய பொருள் குடும்பக் களத்தினுள் நுழையும் இவ்விடமே கோட்பாட்டிற்கு மிகச் சுவையான இடம். இத்தகைய இயைபின்மையை ஃபிஷ்மனும் அவர் குழுவினரும் தனியே கருதிப் பார்த்தனர். நம் ஆய்வாளரின் நிரலிலோ அது ‘இரு மொழிகளும்’ என்னும் கட்டத்துள் அடங்கி மறைந்துபோகிறது. ஆக, கோட்பாட்டிற்கும் வினாவிற்கும் தொடர்பு இருந்தும், தரவு திரட்டும் கருவிக்கு அது சென்று சேரவில்லை. எனவே, கோட்பாட்டு இயலைப் படிக்கும் மதிப்பீட்டாளர் பின்னிணைப்பில் உள்ள வினாநிரலையும் அருகில் வைத்துக்கொண்டே படித்தல் வேண்டும் என்பது எமது துணிபு.

இரண்டாம் வினாவில் நிலைமை வேறு. ‘ஏன்’ என்பதற்கு விடை தரும் சொற்கள் களக் கோட்பாட்டில் இல்லை. அது வழக்கமாகிவிட்ட தெரிவுகளின் ஒழுங்கைக் காட்டும். அத்தெரிவின் பின்னுள்ள எண்ணத்தை ஆராயாது. ஆகவே, பகுப்பாய்வு இயலில் ‘நாகரிக மோகம்’, ‘பொருளாதாரத் தேவை’ என்று ஆய்வாளர் தம் சொந்தக் கருத்தையே எழுத நேர்கிறது. கோட்பாட்டின் பெயர் அங்கு ஒருமுறையேனும் வருவதில்லை. பெர்னார்ட் ஸ்போல்ஸ்கி 2004இல் மொழிக்கொள்கையை மூன்று கூறுகளாகப் பிரித்துக் காட்டினார்: மக்கள் உண்மையில் பேசும் வழக்கம், மொழி பற்றிய நம்பிக்கை, பிறர் வழக்கத்தை மாற்ற மேற்கொள்ளும் மேலாண்மை. இவ்வினாவிற்கு வேண்டியது இத்தகைய பகுப்பே. ‘தமிழ் நம் உயிர்’ என்று கூறும் தந்தை நம்பிக்கையை வெளிப்படுத்துகிறார். ‘வீட்டில் தமிழ்தான் பேச வேண்டும்’ என்று விதிக்கும்பொழுது மேலாண்மை செய்கிறார். தொலைபேசியில் மகளிடம் ஆங்கிலத்தில் பேசும்பொழுது வழக்கம் வெளிப்படுகிறது. மூன்றும் முரண்படும் இடத்தில்தான் ‘ஏன்’ என்னும் வினா உயிர்பெறுகிறது. நேர்காணலில் என்ன கேட்க வேண்டும் என்பதும் அப்பொழுது தானே தெளிவாகும்.

இரு கோட்பாடுகளை அருகருகே வைத்தால் மட்டும் போதுமா என வினவலாம். போதாது. ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஐந்து கோட்பாடுகளைச் சுருக்கி எழுதி, ‘இவற்றின் ஒருங்கிணைப்பே இவ்வாய்வின் சட்டகம்’ என்று முடிக்கும் இயல்களை நாம் அறிவோம். அவை எங்கு இணைகின்றன என்பதை ஆய்வாளர் காட்ட வேண்டும். இங்கு அது கடினமன்று: 2009இல் வெளிவந்த மொழி மேலாண்மை பற்றிய நூலில் ஸ்போல்ஸ்கியே ஃபிஷ்மனின் களக் கருத்தை எடுத்தாண்டுள்ளார்.

மூன்றாம் வினாவைப் பொறுத்தவரை நாம் சற்றுக் கடுமையாகவே பேச வேண்டியுள்ளது. அடைவுநிலை என்பது கற்றல் சார்ந்தது. களக் கோட்பாட்டில் அதற்கு இடமில்லை. ஜிம் கம்மின்ஸ் 1979இல் முன்வைத்த, உரையாடல் திறனுக்கும் கல்விசார் மொழித்திறனுக்கும் இடையிலான வேறுபாட்டைத் துணைக்கு அழைக்கலாம் என்பர் சிலர். பாட்டியிடம் நாள்முழுதும் தமிழ் பேசும் சிறுவன் கட்டுரைத் தாளில் இடறுவதை ஆசிரியர் பலரும் கண்டிருப்பர் ஆதலின், அவ்வேறுபாடு பொருந்துவதாகவே தோன்றும். எனினும், கம்மின்ஸ் இரண்டாம் மொழியில் கல்வி கற்கும் பிள்ளைகளை எண்ணியே அதனை வகுத்தார். நம் சிறுவன் இடறுவதற்குப் பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள இடைவெளியும் காரணமாகலாம். இவ்விரண்டும் ஒன்றெனக் கொள்ள இயலாது. மேலும், ஒரே காலத்தில் திரட்டிய வினாநிரலையும் தேர்வு மதிப்பெண்ணையும் கொண்டு ‘அதனால்’ என்று காரணம் கூறவும் இயலாது. இவ்வினாவிற்குக் கோட்பாடு தேடுவதைவிட, வினாவையே நீக்கிவிடுவது நன்று.

தொடர்பின்மையைக் கண்டறிய நாம் கையாளும் வழி எளியது. இயலில் கோட்பாட்டாளரின் பெயரை நீக்கிவிட்டு வேறொருவர் பெயரை இட்டுப் பார்ப்போம். பகுப்பாய்வு இயலில் ஒரு பத்தியும் மாற வேண்டியதில்லை என்றால், கோட்பாடு அங்கு வேலை செய்யவில்லை. அடுத்து, எத்தகைய முடிவு கிடைத்தால் இக்கோட்பாடு ஐயத்திற்கு உள்ளாகும் என ஆய்வாளரிடம் கேட்போம். மொழிகளுக்கிடையே பயன்பாட்டுப் பங்கீடு இல்லாதவிடத்து இருமொழியம் நிலைத்து நில்லாது என ஃபிஷ்மன் 1967இல் வாதிட்டார். மூன்று தலைமுறையாக எல்லாக் களங்களிலும் இரு மொழிகளையும் கலந்து பேசியும் தமிழை இழக்காத குடும்பம் ஒன்று கிடைத்தால் அது அவருடைய கருத்துக்கு இடர்தரும் சான்றாகும். அதனை எதிர்நோக்கி எழுதப்பட்ட இயல் அரிது.

பண்புசார் ஆய்வுகள் சிலவற்றில் தரவிலிருந்தே கருத்துகள் உருப்பெறும். அங்கு முன்கூட்டியே கோட்பாட்டைப் பொருத்த வற்புறுத்துதல் முறையன்று. அவ்வாறாயின் ஆய்வாளர் அதனை வெளிப்படையாகக் கூறிவிட வேண்டும். நம் மாதிரி ஏடோ வினாநிரலும் விழுக்காட்டு அட்டவணையும் கொண்டது. இவ்விலக்கு அதற்குப் பொருந்தாது.

இவ்வேட்டைத் திருப்பியனுப்பும்பொழுது நம் அறிக்கையில் இவ்வாறு எழுதுவோம்: முதல் வினாவை ‘பேசுவோர் உறவும் பேசுபொருளும் மாறும்பொழுது குடும்பக் களத்தில் மொழித்தெரிவு எவ்வாறு மாறுகிறது?’ எனத் திருத்துக. வினாநிரலில் உறவுக்கும் பொருளுக்கும் தனித்தனிப் பத்தி அமைக்க. இரண்டாம் வினாவிற்கு ஸ்போல்ஸ்கியின் முக்கூறுகளைக் கொண்டு நேர்காணல் நடத்துக. மூன்றாம் வினாவை விடுக. கோட்பாட்டாளரின் வாழ்க்கை வரலாறு நான்கு பக்கம் உள்ளது, அதனையும் விடுக.