பின்பாட்டுக்காரரும் தீப்ஸ் நகரத்துப் பெரியோரும்

பண்டைக் கிரேக்கரின் அவல நாடகங்களைத் தமிழில் படிக்கிறவர்கள் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடும் பகுதி, பாத்திரங்களின் வாக்குவாதம் முடிந்தவுடனே ஒரு கூட்டம் நின்று நீளமாகப் பாடுவதாக அச்சிடப்பட்டிருக்கும் அந்தப் பகுதிதான். கதை நகரும் வேளையில் இவர்கள் ஏன் குறுக்கே வந்து நிற்கிறார்கள், நடந்ததையே திரும்பச் சொல்லவா என்று வாசகர் சலித்துக்கொள்வதும் உண்டு. அந்தச் சலிப்புக்கு மருந்து ஏதென்ஸ் நகரத்தில்தான் கிடைக்கும் என்பதில்லை. ஆவடியைத் தாண்டித் திருநின்றவூர், திருவள்ளூர் நோக்கிச் செல்லும் பக்கத்திலும், பூந்தமல்லிக்கு மேற்கே கிடக்கும் கிராமங்களிலும், கோடைக்காலத்தில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவை ஒட்டி இரவு முழுவதும் ஆடப்படும் தெருக்கூத்தைப் பாட்டுக்காரர் அமர்ந்திருக்கும் பின்வரிசைப் பெஞ்சின்மேல் ஒரு கண் வைத்துப் பார்த்தவர்களுக்கு, அந்தக் கிரேக்கக் கூட்டம் எதற்காக நிற்கிறது என்பது சொல்லாமலே விளங்கிவிடும்.

முதலில் கிரேக்கரின் வழக்கத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். அவர்களுடைய பாடற்குழு நடிகர்களுக்குத் துணையாகப் பின்னால் சேர்க்கப்பட்டதன்று. குழுவே முந்தியது, அதிலிருந்துதான் நடிகன் பிரிந்து வந்தான் என்பது அறிஞர் பலரின் அபிப்பிராயம். ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றின் தென்சரிவில் அமைந்த தியோனிசஸ் அரங்கில், நடிகர்களுக்கும் ஜனங்களுக்கும் நடுவே இருந்த ஆடுகளத்தில், முகமூடி அணிந்த இந்தக் குழு இரட்டைக் குழல் ஒன்றின் இசைக்கு ஆடிப் பாடியது. அதில் நின்றவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர். செல்வந்தர் ஒருவர் செலவை ஏற்றுப் பயிற்சி கொடுத்துத் தயார் செய்த ஊர்க் குடிமக்கள். ஸொபோக்ளிஸ் காலத்தில் பன்னிரண்டு பேராயிருந்த குழு பதினைந்து பேராக வளர்ந்தது. பார்ப்பவனும் குடிமகன், பாடுபவனும் குடிமகன் என்ற இந்த நிலைதான் குழுவின் பேச்சுக்கு ஒரு தனி எடையைக் கொடுத்தது.

இக்குழு நிகழ்ச்சிகளின் மீது கருத்துச் சொல்கிறது என்று பாடப்புத்தகங்கள் எழுதும்போது, நாடகாசிரியரின் தீர்ப்பை அவர் சார்பில் உரைக்கும் நீதிமான்களாக இவர்களைக் கற்பனை செய்துகொள்கிறோம். கி.மு. 441 அளவில் அரங்கேறியதாகக் கருதப்படும் ஸொபோக்ளிஸின் 'ஆன்டிகனி'யைக் கவனித்துப் படித்தால் அந்தக் கற்பனை நில்லாது. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் கொன்று வீழ்ந்தபின், அவர்களில் ஒருவனாகிய பாலினைசிஸின் உடலை அடக்கம் செய்யலாகாது என்று அரசன் கிரியோன் ஆணையிடுகிறான். தீப்ஸ் நகரத்துப் பெரியோர்களாகிய குழுவினர் அதை எதிர்க்கவில்லை. இருப்பவர்க்கும் இறந்தவர்க்கும் சட்டம் வகுக்க உனக்கு அதிகாரம் உண்டு என்ற பாங்கில் ஒதுங்கிக்கொள்கிறார்கள். காவலாள் ஓடிவந்து யாரோ உடலின்மேல் மண் தூவிவிட்டார்கள் என்று சொன்னவுடன், இது தெய்வத்தின் செயலாயிருக்குமோ என்று மெல்ல ஒரு சந்தேகத்தை எழுப்புகிறார்கள். கிரியோன் சீறியதும் வாயை மூடிக்கொள்கிறார்கள். மகன் ஹீமனும் தந்தையும் வாதிடும்போது இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்கிறார்கள். ஆணையை மீறித் தன் உடன்பிறந்தவனை அடக்கம் செய்ததற்காகக் குகைக்கு நடத்திச் செல்லப்படும் ஆன்டிகனியைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறார்கள். அதே மூச்சில், துணிவின் எல்லைவரை நீ போய்விட்டாயே அம்மா என்று குற்றமும் கூறுகிறார்கள்.

இவர்களைக் கோழைகள் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அவர்களுடைய தயக்கத்தில்தான் நாடகத்தின் உயிர் இருக்கிறது என்பது என் துணிபு. அதிகாரத்தின் முன் நிற்கும் சாதாரண மனிதர்களின் மனம் அங்குலம் அங்குலமாக எப்படி நகர்கிறது என்பதை இந்தப் பெரியோர்கள் காட்டிக்கொண்டே வருகிறார்கள். கடைசியில், குருட்டு ஞானியாகிய டைரீசியஸ் எச்சரித்துவிட்டுப் போனபின், இவர் வாக்கு இந்நகரத்தில் ஒருநாளும் பொய்த்ததில்லை என்று அவர்கள் நினைவூட்ட, உறுதி குலைந்த கிரியோன் நான் என்ன செய்ய என்று அவர்களையே கேட்கிறான். முதலில் போய்ப் பெண்ணைக் குகையிலிருந்து விடுவி, பிறகு இறந்தவனுக்குக் கல்லறை எடு என்று அவர்கள் வரிசைப்படுத்திச் சொல்கிறார்கள். அவன் புறப்பட்டுச் செல்கிறான். பின்னால் தூதன் வந்து விவரிக்கும்போது, அரசனும் ஆட்களும் முதலில் பாலினைசிஸின் உடலைக் கழுவி எரித்து மண்மேடு எழுப்பிவிட்டு, அதன்பிறகே குகைக்குப் போனார்கள் என்பது தெரிய வருகிறது. அங்கே ஆன்டிகனி தூக்கிட்டு மாண்டு கிடந்தாள். குழு சொன்ன வரிசை மாறியது ஒன்றுதான்; அந்த ஒன்றில் மூன்று உயிர்கள் போயின. ஸொபோக்ளிஸ் இதை எவர் வாயாலும் சுட்டிக்காட்டவில்லை. குழுவின் பேச்சைச் செவிகொடுத்துக் கேட்டிருந்த ரசிகனுக்கு மட்டுமே அந்த அடி விழும்.

இனி நம் களரிக்கு வருவோம். கிரேக்கர் ஒரே குழுவிடம் ஒப்படைத்த காரியத்தைத் தொண்டைமண்டலத்துக் கூத்து இரண்டாகப் பிரித்து, பின்பாட்டுக்காரரிடம் ஒரு பாதியும் கட்டியக்காரனிடம் மறு பாதியும் கொடுத்திருக்கிறது. களரியின் பின்புறம் பெஞ்சில் ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், முகவீணை ஆகியவற்றோடு அமர்ந்திருப்பவர்களே பின்பாட்டைப் பாடுகிறார்கள். கிரேக்கக் குழலைப் போலவே முகவீணையும் இரட்டை நாணற் சீவாளி கொண்டது; அதன் கூரிய நாதம் திறந்த வெளியில் வெகுதூரம் செல்லும். ஆட்டக்காரர் ஒரு தருவின் அடியைப் பாடி முடித்தவுடன் பெஞ்சில் இருப்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பப் பாட, அவர் அடவு வைத்துச் சுழன்று ஆடுகிறார். கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் செய்ததேயானாலும், கிரீடமும் புஜகீர்த்தியும் மார்ப்பதக்கமும் பூண்டு விடியும்வரை ஆடுகிறவனுக்கு மூச்சு வாங்க இடைவெளி வேண்டும். பின்பாட்டு அதைத் தருகிறது. ஆனால் மூச்சு வாங்கும் அந்த நேரத்தில்தான் கேட்பவனுக்குச் சிந்திக்கவும் அவகாசம் கிடைக்கிறது.

சொந்தமாக ஒரு சொல்லும் சொல்லாத இவர்கள் எவ்வாறு கருத்துக் கூற முடியும் என்று கேட்கலாம். வஸ்திராபஹரணக் கூத்தில் துரியோதனன் தன் பெருமையைப் பாடும்போது பின்பாட்டு அதை விறுவிறுவென்று, தாளத்தின்மேல் கறாராக வைத்துத் திருப்பித் தரும். திரௌபதி சபையை நோக்கி முறையிடும் அடி வரும்போது நல்ல ஜமாவில் அதே குரல்கள் இழுத்து, தாழ்ந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து வரும். ஸ்திரீ வேஷம் கட்டிய ஒருவர் பாடிய புலம்பல், பெஞ்சில் இருக்கும் நாலைந்து முதிர்ந்த ஆண்களின் கண்டத்திலிருந்து மறுபடி எழும்போது, அது ஒருத்தியின் துயரமாக இராமல் ஊரின் வாக்குமூலமாகிவிடுகிறது. எந்த அடியை எத்தனை தரம் திருப்புகிறார்கள், எங்கே வேகத்தைத் தணிக்கிறார்கள் என்பதே அவர்களுடைய வியாக்கியானம்.

மறு பாதி கட்டியக்காரனுடையது. அவனை வெறும் கோமாளியாக எண்ணுவது அவனுக்குச் செய்யும் அநீதி. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று வேஷம் பாடி வெளிப்பட்டவுடன், ராஜாவைத் தாங்கள் யார், எந்தத் தேசம் என்று விசாரிப்பவன் அவன். வாயிற்காவலன், தூதன், அமைச்சன் என்று வேண்டியபோதெல்லாம் கதைக்குள் புகுந்து, வேண்டாதபோது வெளியே வந்து ஜனங்களோடு நின்று பேசுபவனும் அவன். அஸ்தினாபுரத்திலும் இருப்பான், அம்பத்தூர் சந்தை விலையும் அறிவான். கிரேக்கக் குழுவின் தலைவன் அரசனிடம் மரியாதையோடு சொல்லத் தயங்கியதை இவன் நையாண்டியாக அரசன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான்.

கௌரவ சபையில் இந்த ஏற்பாட்டின் அருமை முழுதாகத் தெரிகிறது. கணவன் தன்னைத் தோற்றபின் என்னைப் பணயம் வைக்க அவனுக்கு உரிமை ஏது என்று திரௌபதி கேட்கும் கேள்விக்குப் பீஷ்மரும் துரோணரும் விடை தராமல் இருக்கிறார்கள். விதுரனும் விகர்ணனும் பேசியும் பயனில்லை. தீப்ஸ் நகரத்துப் பெரியோர்களுக்குரிய ஸ்தானத்தில் அமர்ந்திருக்கிறவர்கள் இவர்களே. கதைக்குள் இருக்கும் பெரியோர் கூட்டம் வாயடைத்துப் போன இடத்தில், கதைக்கு வெளியே இருக்கும் பெஞ்சும் கட்டியக்காரனும் பேசத் தொடங்குகிறார்கள். பல ஊர்களில் துச்சாதனன் வேஷக்காரர் சேலையைத் தொடுமுன் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் பிழை பொறுக்கும்படி வேண்டிக்கொள்வது சம்பிரதாயம். அந்தக் கணத்தில் ஜனங்களும் எழுந்து கைகூப்புகிறார்கள். பகலில் பாரதப் பிரசங்கியாரின் வாயிலாகக் கதையைக் கேட்டு, இரவில் விழித்திருந்து வந்தவர்கள் தாமே குழுவாகிவிடுகிறார்கள். பார்ப்பவர் அனைவரும் சாட்சி சொல்லும் நிலை இது. கிரேக்கர்களிடம்கூட இந்த அளவுக்கு இதை நான் காணவில்லை.

இக்கலை எங்கே கெடும் என்பதையும் சொல்லவேண்டும். கிரேக்கத்திலேயே, நாடகாசிரியர் அகத்தான் காலம்முதல் குழுவின் பாடல்கள் எந்த நாடகத்திலும் செருகத்தக்க இடைப்பாட்டுகளாகிவிட்டன என்று அரிஸ்டாட்டில் குறைப்படுகிறார். குழுவையும் ஒரு நடிகனாகக் கொள்ளவேண்டும் என்பது அவர் விதி. நம்மிடத்தில் கெடுவது வேறு வழியில். இரவு முழுவதும் ஆடவேண்டியதை மேடைக்காக ஒன்றரை மணி நேரத்தில் அடக்கும்போது முதலில் வெட்டப்படுவது பின்பாட்டின் மறுபாட்டுகளே, சொன்னதையே சொல்கிறார்கள் என்ற காரணத்தால். வெட்டியவுடன் ஆட்டக்காரருக்கு இளைப்பு ஏறுகிறது, அடவு சுருங்குகிறது, வசனம் வசனத்தை முட்டிக்கொண்டு ஓடுகிறது. ஒலிபெருக்கி ஆட்டக்காரரின் கழுத்தருகே மட்டும் இருந்து பெஞ்சின் குரல் அமுங்கினாலும் இதே விளைவுதான். நவீன மேடையில் குழுவைக் கொண்டுவருகிறவர்களோ, எல்லாரையும் ஒரே ஸ்தாயியில் ஒரே சீராகப் பள்ளிப் பிரார்த்தனைபோல் ஒப்பிக்க வைக்கிறார்கள். அதில் தயக்கமும் இல்லை, மனமாற்றமும் இல்லை.

ஆகையால், தொழிற்பேட்டையும் அடுக்குமாடிகளும் நெருங்கிவிட்ட இந்த மேற்குப் புறநகரில் குடியிருக்கும் அன்பர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றே. வருகிற கோடையில் பக்கத்துக் கிராமத்துத் திரௌபதி அம்மன் கோயிலில் வஸ்திராபஹரணம் எந்த இரவு என்று முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள். வேஷங்களுக்கு எதிரே உட்காராமல், பெஞ்சு தெரியும் பக்கமாகப் பாய் விரித்து உட்காருங்கள். சபையில் திரௌபதி கேள்வி கேட்கும்வரையிலாவது எழுந்து போகாமல் இருங்கள்.