யார் திறக்கலாம், எதற்காக?

டோபி காட் நிலையத்தில் மூன்று எம்ஆர்டி தடங்கள் சந்திக்கின்றன. அத்தகைய வட்டாரத்தில் மதிய நேரத்தில் கிளினிக்குகளுக்கு வருபவர்களில் பலர் அலுவலக ஊழியர்கள். அங்கே பதிவு மேசையில் புதிதாக அமர்பவருக்குத் தரப்படும் கேள்வி-பதில் தாள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ‘பதிவு, முன்பதிவு, கட்டணக் கோப்புறைகளை நான் திறக்கலாமா?’ திறக்கலாம். ‘மருத்துவரின் குறிப்புகளை?’ கூடாது, அவை உங்கள் வேலைக்குத் தேவையில்லை.

இம்முறையின் பலம், அனுமதியைப் பதவியோடு கட்டாமல் வேலையோடு கட்டுவது. மருத்துவரே ஆனாலும் தம் சிகிச்சையில் இல்லாதவரின் பதிவைத் திறக்கக் காரணம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பற்றிய ஆவலுக்கு இங்கே கதவு மூடப்படுகிறது.

ஆனால் கோப்புறையைப் பூட்டுவதால் மட்டும் ரகசியம் காக்கப்படுவதில்லை. கட்டண ரசீதில் மெட்ஃபார்மின் என்று இருந்தால், நீரிழிவு என்று ஊகிக்க மருத்துவக் குறிப்பு வேண்டியதில்லை. நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு தொலைபேசியில் அழைத்து, “இந்த எம்சி உண்மைதானா? என்ன நோய்?” என்று கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரவேற்பாளர் அனுமதிக்கப்பட்ட கோப்புறையைத்தான் பார்க்கிறார், ஆனாலும் நோயைச் சொல்லிவிட முடியும். ஆகவே தாளில் ‘எதைத் திறக்கலாம்’ என்பதோடு ‘பார்த்ததை யாரிடம் சொல்லலாம்’ என்பதும் இருக்க வேண்டும். இங்கே சரியான பதில், எம்சி தங்கள் கிளினிக் தந்ததுதான் என்று உறுதிசெய்வதோடு நிறுத்திக்கொள்வது.

இதைவிடப் பெரிய குறையை 2019 ஜனவரியில் சிங்கப்பூர் கண்டது. எச்ஐவி பதிவேட்டிலிருந்த 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் வெளியாயின. பதிவேட்டைத் திறக்கும் அதிகாரம் பணிநிமித்தம் பெற்றிருந்த ஒரு மருத்துவர் அந்த விவரங்களைச் சரிவரக் காக்கவில்லை என்று சுகாதார அமைச்சு கருதியது. அனுமதிப் பட்டியல் வெளியாளைத் தடுக்கும். உரிமையோடு உள்ளே வந்தவர் நகலெடுத்துப் போவதை அது தடுக்காது. 2016 செப்டம்பரிலேயே, பதிவேட்டுத் தகவலைத் தரவிறக்க இருவர் ஒப்புதல் வேண்டும் என்ற முறையை அமைச்சு கொண்டுவந்திருந்தது. அதற்கு முன்பே வெளியே போய்விட்டதை அம்முறையால் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை.

மூன்றாவது குறையைப் பூட்டின் இறுக்கமே உண்டாக்குகிறது. வரிசை நீளும்போது, ஏற்கெனவே ஒருவர் உள்நுழைந்த கணினியிலேயே மற்றவர் வேலையைத் தொடர்வார். அப்போது யார் எதைத் திறந்தார் என்ற பதிவில் தவறான பெயர் ஏறும். பின்னால் விசாரித்தாலும் பயனில்லை.

ஆகவே இத்தாளைக் கைவிட வேண்டியதில்லை, அதன் பதில்களைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் இருக்கட்டும். மாதம் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, அன்று திறக்கப்பட்ட பதிவுகளை அன்றைய வருகைப் பட்டியலோடு ஒப்பிடலாம். வருகையோ முன்பதிவோ கட்டண வேலையோ இல்லாமல் திறக்கப்பட்ட பதிவு ஒன்று தென்பட்டால், திறந்தவரிடம் ‘எதற்காக?’ என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வி தலைமை மருத்துவருக்கும் பொருந்தினால்தான், பதிவு மேசையில் இருப்பவர் இந்த விதியை நம்புவார்.