ஒரு நிமிடத் திருத்தம்: காரைக்கால் பேதியும் கைப்பேசிக் காணொளியும்

2022 ஜூலைத் தொடக்கத்தில் காரைக்கால் அரசு பொது மருத்துவமனைக்கு வாந்தியும் பேதியுமாக வந்தவர்கள் நூற்றுக்கணக்கில் பெருகினார்கள். சிலருக்குக் காலரா என்று உறுதியானது. புதுச்சேரி அரசு பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. பள்ளி, கல்லூரிகளை மூன்று நாள் மூடினார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்ற அறிவுரை தெருத்தெருவாகப் போனது.

இப்படிப்பட்ட நாட்களில் வீட்டுக்குள் ஒரு பழைய நம்பிக்கையும் கூடவே வேலை செய்யும். “பேதி போகிற பிள்ளைக்குத் தண்ணி கொடுக்காதே, கொடுத்தா இன்னும் போகும்” என்பது அது. இதை உடைப்பதற்கென்றே அமைந்ததுபோல ஒரு காணொளி வடிவம் இன்று நம் கையில் இருக்கிறது. தவறான நம்பிக்கையை முதலில் சொல்வது, உடனே அதைத் தவறு என்று அடிப்பது, சரியானதை நறுக்கென்று சொல்லி ஒரு நிமிடத்துக்குள் முடிப்பது. 2020 ஜூனில் டிக்டாக் தடையானதும், அதே ஆண்டு செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் இந்தியாவில் தொடங்கியதும், பிறகு அதன் வரம்பு அறுபது நொடியாக அமைந்ததும் இந்த வடிவத்தை நிலைநிறுத்தின. 2024 அக்டோபரில் வரம்பு மூன்று நிமிடமாக உயர்ந்த பிறகும், செய்பவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்தை விடவில்லை.

விடாததற்குக் காரணம் உண்டு. வதந்தி எந்த வழியாக வருகிறதோ அதே வழியாகப் போகக்கூடிய மறுப்பு இது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது முதல் கட்டத்தில் தமிழ்நாட்டோடு புதுச்சேரியும் இருந்தது. தடுப்பூசியைப் பற்றிய பயமுறுத்தல்கள் தமிழ்நாட்டில் வாட்ஸ்ஆப்பில் குடும்பக் குழுக்கள் வழியாக ஓடின. பதிலாக வந்தவையோ பெரும்பாலும் செய்தியாளர் சந்திப்பும் துண்டறிக்கையும். குழுவில் வந்த பொய்க்குக் குழுவிலேயே போடக்கூடிய மறுப்பு அப்போது அரிதாக இருந்தது. இன்று நள்ளிரவில் பிள்ளைக்குப் பேதி கண்டு, “தண்ணி கொடுக்காதே” என்று மாமியார் தொலைபேசியில் சொல்லும்போது, மருமகள் எதிர்த்துப் பேசாமல் ஒரு மருத்துவரின் காணொளியை அனுப்பிவிடலாம். வீட்டு உறவைக் கெடுக்காமல் ஒரு தவறை நிறுத்த முடிகிறது. இந்தப் பலனை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

குறை அதன் உள்ளமைப்பில் இருக்கிறது. வழக்கமான ஒரு காணொளியை நொடி நொடியாகப் பிரித்துப் பாருங்கள். முதல் மூன்று நொடியில் திரை முழுக்கக் கொட்டை எழுத்தில் “பேதி ஆனால் தண்ணீர் கொடுக்கக் கூடாதா?” என்ற வாசகம். அடுத்த ஏழெட்டு நொடி அந்த நம்பிக்கையை நடித்துக் காட்டுவது. பிறகு மணியடித்து ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. பதினைந்தாம் நொடியில்தான் திருத்தம் தொடங்குகிறது. கடைசிப் பத்து நொடி ‘பின்தொடருங்கள்’ என்ற வேண்டுகோளுக்குப் போய்விடும். நடுவே மிஞ்சுவது முப்பது நொடிக்குச் சற்று மேல், தமிழில் நிதானமாகப் பேசினால் ஐம்பது அறுபது சொல். பாதியில் விரலால் தள்ளிவிட்டுப் போகிறவர்களும், ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களும் கொண்டுபோவது எதை? கொட்டை எழுத்தில் இருந்த தவறைத்தான்.

தவறைத் திரும்பச் சொல்வது அதையே மனத்தில் பதித்துவிடும் என்ற அச்சம் ஆய்வுலகில் பல காலம் இருந்தது. 2005இல் இயான் ஸ்கர்னிக் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஒரு கூற்றைப் பொய் என்று பல முறை கேட்ட முதியவர்கள் அப்போதைக்கு அதைப் பொய் என்றே நினைவில் வைத்திருந்தார்கள்; மூன்று நாள் கழித்து அதையே மெய் என்று நினைவுகூர்வது அவர்களிடம் கூடியது. ‘பொய்’ என்ற முத்திரை உதிர்ந்து, கூற்று மட்டும் பழக்கப்பட்டதாக நின்றுவிட்டது. பின்வந்த ஆய்வுகள் இந்த அச்சம் மிகைப்பட்டது என்று காட்டின. எதை முதலில் சொல்கிறோம் என்பதால் பெரிய வேறுபாடு வருவதில்லை என்றே 2021இல் பிரயோனி ஸ்வையர்-தாம்சன் குழு கண்டது. ஆனால் அத்தகைய சோதனையில் கலந்துகொள்பவர் முழுவதையும் படிக்கிறார். கைப்பேசிக்காரர் அப்படியில்லை. அதனால் காணொளியில் வரிசை முக்கியம் என்றே நான் கருதுகிறேன்.

வரிசையைவிடப் பெரிய குறை, ‘நறுக்கென்று’ என்ற அந்த நிபந்தனை. 1994இல் ஹோலின் ஜான்சனும் கொலீன் சைஃபெர்ட்டும் ஒரு கிடங்குத் தீ விபத்துக் கதையை வைத்துச் சோதனை செய்தார்கள். அலமாரியில் எண்ணெய்ச் சாயமும் வாயு உருளையும் இருந்தன என்று முதலில் செய்தி. பிறகு, இல்லை, அலமாரி காலி என்று திருத்தம். திருத்தத்தைப் படித்து நினைவில் வைத்திருந்தவர்களும்கூட, தீ ஏன் அப்படிப் பரவியது என்று கேட்டால் சாயத்தையே காரணம் காட்டினார்கள். யாரோ கொளுத்தினார்கள் என்று வேறொரு காரணத்தைக் கொடுத்தபோதுதான் பழையது விலகியது. காரணத்தைப் பிடுங்கினால் அந்த இடத்தில் இன்னொரு காரணத்தை வைத்தாக வேண்டும்.

பேதிக்கு இது அப்படியே பொருந்தும். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்பது வெறும் மூடநம்பிக்கை இல்லை. கண்ணால் கண்டதிலிருந்து வந்தது. குழந்தை குடிக்கிறது, சற்று நேரத்தில் போகிறது. தாய் இரண்டையும் இணைக்கிறாள். “தவறு, ஓ.ஆர்.எஸ். கொடுங்கள்” என்று மட்டும் காணொளி சொன்னால் அவளும் கொடுப்பாள். பேதி நிற்காது. காரணம், ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்தும் மருந்து இல்லை. வெளியேறும் நீரையும் உப்பையும் ஈடுகட்டுவதுதான் அதன் வேலை. இதை முன்கூட்டியே சொல்லாத திருத்தம் இரண்டு மூன்று மணி நேரத்தில் அந்த வீட்டிலேயே தோற்றுப்போகும். பழைய நம்பிக்கை முன்னைவிட உறுதியாகும்.

ஏன் ஈடுகட்டுகிறது என்பதைப் பத்து நொடியில் சொல்லிவிடலாம். குடல் சுவரில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து உள்ளே போகும் ஒரு வழி இருக்கிறது. அவை போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். காலரா நஞ்சு குடலிலிருந்து நீரைக் கொட்டவைக்கிறது, ஆனால் இந்த வழியை அடைப்பதில்லை. வெறும் தண்ணீரைவிடக் கரைசல் மேலாவது இதனால்தான். 1971இல் வங்கதேச அகதிகள் திரண்டிருந்த பன்காவ் முகாமில் நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தபோது, மருத்துவர் திலீப் மஹலநபிஸ் பெரிய பாத்திரங்களில் கரைசலைக் கலந்து, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்துப் புகட்ட வைத்தார். முப்பது விழுக்காடு அளவில் இருந்த இறப்பு நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

நறுக்கென்று சொல்வதால் நேரடியாகவே ஆபத்து வருவதும் உண்டு. “ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டரில் கலக்குங்கள்” என்பது பல காணொளிகளில் வரும் வாக்கியம். மருந்துக்கடையில் இரண்டு அளவில் பாக்கெட் இருக்கிறது. சுமார் 21 கிராம் பாக்கெட் ஒரு லிட்டருக்கு. நான்கு கிராம் சொச்சம் உள்ள சின்ன பாக்கெட் 200 மில்லிக்கு. சின்னதை ஒரு லிட்டரில் கரைத்தால் கரைசல் நீர்த்துப் பயனற்றுப் போகும். பெரியதை ஒரு டம்ளரில் கரைத்தால் குழந்தையின் இரத்தத்தில் உப்பு ஏறும். அது உயிருக்கே ஆபத்து. “பாக்கெட்டின் முதுகில் போட்டிருக்கும் அளவைப் பாருங்கள்” என்று சொல்ல நான்கு நொடி போதும். அந்த நான்கு நொடியைத்தான் ‘பின்தொடருங்கள்’ தின்றுவிடுகிறது.

இந்த வடிவம் நன்றாக வென்ற இடமும் இதே பொருளில்தான் இருக்கிறது. ஹைதராபாத்தின் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ், ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைத் தாங்கி அட்டைப்பெட்டியில் விற்ற இனிப்புப் பானங்களைக் கையில் பிடித்துக் காட்டி, இது ஓ.ஆர்.எஸ். இல்லை என்று காணொளிகளில் சொல்லி வந்தார். உலக சுகாதார நிறுவனத்தின் கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ். அந்தப் பானங்களில் சர்க்கரை அதைப்போல் பல மடங்கு. சர்க்கரை மிகுந்தால் அது குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். பெட்டியும் எழுத்தும் எண்ணும் கண்முன்னால் இருந்ததால் ஒரு நிமிடம் அங்கே போதுமானதாக இருந்தது. ஆனால் அவர் காணொளியோடு நிற்கவில்லை. மனு, வழக்கு என்று சுமார் எட்டு ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த எழுத்துகளைப் பானப் பெயர்களில் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது.

காரைக்காலுக்குத் திரும்பினால், ஒரு நிமிடக் காணொளியால் தொட முடியாத பகுதி தெரிகிறது. அங்கே நோய் பரவியது யாருடைய நம்பிக்கையாலும் அல்ல. குடிநீர் கெட்டது; குழாய் உடைப்பும் கழிவுநீர்க் கலப்பும் பேசப்பட்டன. தவறான நம்பிக்கையை உடைக்கும் வடிவம் எப்போதும் பார்ப்பவரின் அறியாமையைத் தேடுகிறது. குழாயைப் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டு அரசு 2023இல் தொடங்கிய தகவல் சரிபார்ப்பகம் தமிழ்நாட்டுக்கானது. காரைக்காலுக்கு நிர்வாகம் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரியில். எந்தத் தெருத் தொட்டியில் இன்று குளோரின் இருக்கிறது என்று சென்னையிலோ கோவையிலோ எடுக்கும் காணொளி சொல்லாது. உள்ளூர்ப் பணியாளர் ஒருவர் குளோரோஸ்கோப்பில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துச் சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா, லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது காட்டுகிறதா என்று படம்பிடித்தால் அது சொல்லும். அதில் உடைப்பதற்கு நம்பிக்கை எதுவும் இல்லாததால் யாரும் எடுப்பதில்லை.

ஒரு நிமிடம் இருக்கட்டும். அதை நான் இப்படி நிரப்புவேன். திரையில் முதல் எழுத்து: “பேதி நிற்கும்வரை கரைசல் கொடுங்கள்.” பிறகு குரல்: “குடித்ததும் போகத்தான் செய்யும். பயப்பட வேண்டாம். கரைசல் பேதியை நிறுத்தாது, உடம்பு வற்றிப்போகாமல் காக்கும். கொடுக்கக் கூடாது என்பார்கள். கொடுக்காவிட்டால்தான் பிள்ளை வற்றும். பாக்கெட்டின் முதுகில் உள்ள அளவுத் தண்ணீரை, காய்ச்சி ஆறியதாக எடுத்துக் கரையுங்கள். ஒவ்வொரு முறை போனதும், இரண்டு வயதுக்குக் கீழே கால் முதல் அரை டம்ளர், அதற்கு மேல் அரை முதல் ஒரு டம்ளர். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்தாதீர்கள். கண் குழிந்தால், பிள்ளை துவண்டால், சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் இரத்தம் கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.”

இதில் நம்பிக்கை ஒரே ஒரு முறை, நடுவில், காரணத்தோடு வருகிறது. மணியோசையும் சிவப்புக் குறியும் இல்லாததால் பார்ப்பவர் எண்ணிக்கை குறையலாம். துத்தநாக மாத்திரை இதில் அடங்கவில்லை. குழந்தைகளுக்கு அதைப் பதினான்கு நாள் வரை கொடுக்க வேண்டும், பேதி நின்றதும் நிறுத்திவிடக் கூடாது. அதற்குத் தனியாக ஒரு நிமிடம் வேண்டும்.