மங்கல இசைக்கு ஓர் அறிமுகம்

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் ஒரு கல்லூரி மன்றத்தின் தொடக்க விழாவோ, புது மண்டபத் திறப்பு விழாவோ, எதன் அழைப்பிதழை எடுத்தாலும் நிகழ்ச்சி நிரலில் முதலில் நிற்பது 'மங்கல இசை'. வாசிப்பவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. அதற்குக் கீழே தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள் என்று வரிசை நீளும். கடைசியில் பரதநாட்டியமோ வாய்ப்பாட்டோ இருந்தால், கலைஞரை அறிமுகப்படுத்த ஒருவர் தாளும் கையுமாக மைக் முன்னால் வருவார். நாகஸ்வரத்துக்கு அப்படி யாரும் வருவதில்லை. எல்லாத் தொடக்க விழாவிலும் இடம்பெறும் ஒரே செவ்வியல் கலை அதுதான். அறிமுகம் இல்லாமல் தொடங்கி, கவனிக்கப்படாமல் முடிவதும் அதுதான்.

ஆகவே கலைஞர் அறிமுகம் என்ற வழக்கத்தை எடைபோட நாகஸ்வரத்தைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. மங்கல இசையாக அல்லாமல், விழா முடிவில் முழுக் கச்சேரியாகவே நாகஸ்வரத்தை வைக்கும் சில அமைப்பாளர்கள் இங்கே உண்டு. அப்போது அறிமுக உரை வந்தே தீரும். அந்த உரை என்ன செய்கிறது, எதைக் கெடுக்கிறது என்பதுதான் பேச்சு.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். அறிமுகம் வாசிப்பவருக்குப் பெயரைக் கொடுக்கிறது. நாகஸ்வரக்காரர்கள் நின்றபடியே வாசிக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று வற்புறுத்தியவர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). அவர் கேட்டுப் பெற்றது ஆசனத்தை மட்டுமல்ல, பாடகருக்குக் கிடைக்கும் அதே கவனிப்பையும்தான். ஒரு மண்டபத்தில் நாகஸ்வரக் கலைஞரின் பெயர், அவருடைய குருவின் பெயர், கூட வாசிக்கும் தவில்காரரின் பெயர் மூன்றும் ஒலிபெருக்கியில் தெளிவாகச் சொல்லப்படும்போது அந்தக் கோரிக்கை அங்கே மறுபடி ஏற்கப்படுகிறது. பட்டங்களை வாசிப்பதைச் சலிப்பாக நினைப்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கல்யாண வீட்டில் 'மேளக்காரரைக் கூப்பிடு' என்று அழைக்கப்படும் ஒருவருக்கு, வானொலியின் தரச்சான்றும் கலைமாமணி விருதும் ஊர் முன்னால் வாசிக்கப்படுவது சாதாரண விஷயமல்ல.

ஆனால் பட்டங்களோடு நின்றுவிடுகிற அறிமுகம் கேட்பவருக்கு ஒன்றும் தருவதில்லை. அதைவிடப் பெரிய குறை, கலையைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வருகிறது. 'பல்லாயிரம் ஆண்டுகளாக மாறாமல் வந்த தெய்வீகக் கலை' என்ற வாக்கியம் இல்லாத அறிமுகத்தை நான் கேட்டது அரிது. அது உண்மையுமல்ல. இன்று நாம் மேடையில் பார்க்கும் நீண்ட பாரி நாகஸ்வரம் ராஜரத்தினம் பிள்ளை காலத்தில்தான் பரவலாக நிலைபெற்றது. அதற்கு முன்பு ஓங்கியிருந்தது, குட்டையான, சுருதி கூடிய திமிரி. குழலின் நீளம் கூடியதும் சுருதி தணிந்தது, ராகத்தை நிதானமாக விரிக்க வழி பிறந்தது. அவருடைய தோடி பேசப்பட்டதில் அந்தக் குழலுக்கும் பங்கு உண்டு. ஒரு கலைஞர் தன் கருவியையே மாற்றிக்கொண்டார் என்ற செய்தி, முதல்முறை கேட்க வந்த மாணவரை நிமிர்ந்து உட்கார வைக்கும். 'மாறாத கலை' என்ற சொல் அந்தச் செய்தியை மூடி மறைத்துவிடுகிறது.

இன்னொரு தவறு, கேட்பவர் யார் என்று பார்க்காமல் பேசுவது. சென்னை சபாவுக்கென்று எழுதிய குறிப்பை இங்கே அப்படியே படிக்கிறார்கள். ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம், தனி ஆவர்த்தனம் என்று சொற்கள் அடுக்காக விழுகின்றன. கூட்டத்தில் இருப்பவர்கள் அச்சக ஊழியர்கள், தீப்பெட்டி, பட்டாசு ஆலைக் குடும்பத்தினர், அவர்களுடைய கல்லூரிப் பிள்ளைகள். கச்சேரி அவர்களுக்குப் புதிது. ஆனால் நாகஸ்வரத்தின் ஒலி புதிதல்ல. தாலி கட்டும்போது கெட்டிமேளம் கேட்காத காது இங்கே இல்லை. ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்தவர்கள் நிறைய இருப்பார்கள். 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு நாகஸ்வரம் இழைந்து வரும் 'சிங்கார வேலனே' பாட்டும், 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்து வாசிப்பும் வீட்டுப் பெரியவர்களுக்கு மனப்பாடம். இவர்களிடம் 'நாகஸ்வரம் என்பது ஒரு காற்றுக் கருவி' என்று தொடங்குவது, தெரிந்ததைத் தெரியாதது போல் சொல்வது. அவர்களுக்குத் தெரிந்த ஒலிக்கும் தெரியாத கச்சேரிக்கும் நடுவே ஒரு வழி போட்டுக் கொடுப்பதுதான் அறிமுகம் செய்பவரின் வேலை.

அந்த வழி கையெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. 'சிங்கார வேலனே' பாட்டில் நாகஸ்வரம் வாசித்த காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். பக்கத்துக் கோவில்பட்டியில் குடியிருந்தவர். அந்தப் பாட்டின் ராகம் ஆபேரி. நான் சொல்லும் முறை இது: பேச்சுக்கு நடுவே கலைஞரைப் பார்த்து, அந்தப் பாட்டின் முதல் வரியை மட்டும் வாசிக்கக் கேட்க வேண்டும். சபை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். பிறகு, அதே ராகத்தைப் பாட்டும் தாளமும் இல்லாமல் அரை நிமிடம் வாசிக்கச் சொல்ல வேண்டும். 'இப்போது கேட்டது பாட்டு இல்லை. ஆனால் பாட்டின் சாயல் தெரிந்ததல்லவா? அந்தச் சாயல்தான் ராகம். இன்று இவர் ஒரு ராகத்தை எடுத்து, அடுத்தது என்ன வரும் என்று எழுதி வைக்காமல், இந்த மேடையிலேயே வளர்க்கப் போகிறார்.' ஆலாபனை என்ற சொல்லை அதற்குப் பிறகு சொன்னால் போதும். சொல் வரும்போது பொருள் ஏற்கெனவே காதில் இருக்கும்.

கருவியைப் பற்றி ஒரே ஒரு விஷயம் காட்டினால் போதும் என்பது என் எண்ணம். குழலின் வாயில் செருகியிருக்கும் சீவாளியையும், பக்கத்தில் கயிற்றில் தொங்கும் மாற்றுச் சீவாளிகளையும் காட்டலாம். நாணலால் ஆன சின்னத் துண்டு அது. அதை எச்சிலில் நனைத்து, ஊதிப் பதமாக்கித்தான் வாசிப்பு தொடங்கும். விரலுக்கு ஏழு துளைகள்தான் இருக்கின்றன. இடைப்பட்ட சுரங்களையும் வளைவுகளையும் மூச்சின் அழுத்தமும் உதடும் சேர்ந்து உண்டாக்குகின்றன. இதைச் சொல்லிவிட்டால் கலைஞர் நடுவில் சீவாளியை மாற்றும்போது 'ஏதோ கெட்டுப்போச்சு' என்று யாரும் நினைக்க மாட்டார்கள். 1971 ஆகஸ்டில் நியூயார்க்கில் வங்கதேச அகதிகளுக்காக நடந்த நிகழ்ச்சியில், ரவிசங்கர் சித்தாருக்குச் சுருதி சேர்த்து முடித்ததும் அரங்கமே கைதட்டியது. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புவதாக அவர் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆயிரக்கணக்கானோரை யாரும் குறை சொல்ல முடியாது. எது தயாரிப்பு, எது தொடக்கம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

தவிலை அறிமுகங்கள் தொடுவதே இல்லை. வலக்கை விரல்களில் மாட்டியிருக்கும் கூடுகள், இடக்கையில் இருக்கும் கழி, இந்த இரண்டும் வேறு வேறு ஒலி தருவதை ஒருமுறை தட்டிக் காட்டச் சொல்லலாம். பிறகு ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைச் சபையோடு சேர்ந்து கையில் போடலாம்: ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டி வீச்சு, தட்டி வீச்சு. தவில்காரர் எங்கெங்கோ போய்விட்டு அந்த முதல் தட்டில் சரியாக வந்து விழும்போது, எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கிடைக்கிற மகிழ்ச்சியை எந்த விளக்கவுரையும் தராது.

இவ்வளவு சொன்ன பிறகு, அறிமுகத்தால் வரும் கேட்டையும் சொல்ல வேண்டும். நீளம் முதல் கேடு. கலைஞர் மேடை ஏறும்போதே சீவாளியைப் பதப்படுத்தி வைத்திருப்பார். பத்து நிமிடப் பேச்சில் அது காய்ந்துவிடும். தவில் தோலும் ஒரே நிலையில் நிற்காது. வறண்ட வெயிலில் இறுகும், குளிர்சாதன மண்டபத்தில் வேறு மாதிரி ஆகும். இரண்டாவது, 'நீங்கள் கண்ணீர் விடுவீர்கள்', 'மெய்சிலிர்ப்பீர்கள்' என்று கேட்பவர் என்ன உணர வேண்டும் என முன்கூட்டியே சொல்வது. அப்படி நடக்காதவர் தனக்குத்தான் ரசனை இல்லை என்று ஒதுங்கிக்கொள்வார். புதியவரை உள்ளே அழைக்க வந்த பேச்சே அவரை வெளியே அனுப்பிவிடும்.

மூன்றாவது, பேச்சால் ஆகாததைப் பேச்சிடம் எதிர்பார்ப்பது. நாகஸ்வரம் திறந்த வெளிக்கு ஆன கருவி. பேச்சாளருக்கு வைத்த ஒலி அளவை அப்படியே விட்டுவிட்டு, அதே மைக்கைக் குழலின் அணைசுக்கு முன்னால் நிறுத்தினால் மூடிய மண்டபத்தில் காது வலிக்கும். முன்வரிசையில் ஒரு பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார் என்றால், பின்வரிசை சாப்பாட்டுப் பந்திக்கு எழத் தொடங்கிவிட்டது என்று பொருள். எவ்வளவு அழகாக அறிமுகம் செய்திருந்தாலும், வந்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவது 'ஒரே சத்தம்' என்ற நினைவைத்தான். தாளை மடித்ததும் அறிமுகம் செய்தவர் போக வேண்டிய இடம் தன் நாற்காலி அல்ல, ஒலிபெருக்கிக்காரர் உட்கார்ந்திருக்கும் மேசை.

அறிமுகத்தை எப்போது சொல்வது என்பதில் என் முடிவு வழக்கத்துக்கு மாறானது. பேச்சுக்கு முன்பே வாசிப்பு தொடங்கட்டும். அதற்கு மல்லாரி இருக்கிறது. சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி கம்பீரநாட்டையில் அமைந்தது. சாகித்தியம் கிடையாது, குழலும் தவிலும்தான். ஐந்து நிமிட மல்லாரியில் சீவாளி பதமாகும், ஒலி அளவு தெரிந்துவிடும், பேசிக்கொண்டிருக்கும் கூட்டமும் மேடையைப் பார்க்கும். அதன் பிறகு அறிமுகம் செய்பவர் எழுந்து, 'இப்போது கேட்டீர்களே' என்று தொடங்கினால், அவர் பேசும் விஷயம் கேட்பவர் காதில் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கும். நான்கு நிமிடம் போதும். ஆபேரியும் ஆதி தாளமும் அதற்குள் அடங்கும். நடுவில் வாசித்துக் காட்ட எல்லாக் கலைஞரும் சம்மதிப்பார்கள் என்றும் எண்ணக்கூடாது. கச்சேரியின் ஓட்டத்தைத் துண்டிக்க விரும்பாதவர்கள் உண்டு. முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அமைப்பாளர்கள் இதற்குச் சொல்லும் தடை நேரம்தான். சிறப்பு விருந்தினர் கிளம்ப வேண்டும், உரைகள் தாமதமாகிவிட்டன, கச்சேரிக்கு முப்பது நிமிடம்தான் மிச்சம். ராகம் சூடு பிடிக்கும்போது மேடை ஓரத்திலிருந்து 'முடித்துக்கொள்ளவும்' என்று ஒரு சீட்டு போகும். அதற்குப் பிறகு நன்றியுரையும் நாட்டுப்பண்ணும். நன்றியுரையையும் நாட்டுப்பண்ணையும் கச்சேரிக்கு முன்னால் முடித்து விருந்தினரை வழியனுப்பிவிட்டால், சீட்டு அனுப்பும் தேவையே இருக்காது. இருப்பவர் இருக்கலாம், பந்திக்குப் போகிறவர் போகலாம். ஐந்நூறு பேரில் நூறு பேர் மிஞ்சினாலும், அவர்கள் கேட்க விரும்பி உட்கார்ந்தவர்கள். நாகஸ்வரக்காரருக்கும் அன்றைய ராகத்தை எவ்வளவு நேரம் வாசிப்பது என்று தானே முடிவெடுக்கும் உரிமை கிடைக்கும்.