ஓடு கரைகிறதா? தொட்டியும் கடலும் தரும் சான்றுகள்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நெட்டார்ட்ஸ் விரிகுடாவை ஒட்டி ஒரு சிப்பிக் குஞ்சுப் பொரிப்பகம் இருக்கிறது. 2007, 2008ஆம் ஆண்டுகளில் அங்கே பசிபிக் சிப்பியின் இளவுயிரிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. பழி முதலில் விப்ரியோ பாக்டீரியத்தின் மேல் விழுந்தது. கிருமி நீக்கும் ஏற்பாடு செய்த பிறகும் சாவு நிற்கவில்லை. காரணம் உள்ளே வந்த நீரிலேயே இருந்தது. கோடையில் வடக்கிலிருந்து வீசும் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ள, ஆழத்துக் குளிர்நீர் மேலே வரும். அந்த நீர் காற்றைக் கடைசியாகத் தொட்டு ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆகியிருக்கும். அப்போது உறிஞ்சிய எரிபொருள் கார்பனோடு, வழியில் மக்கிய உயிர்ப்பொருளின் கார்பனும் அதில் சேர்ந்திருக்கிறது. நீரில் கார்பன் டை ஆக்சைடு கூடக்கூட, ஓடு கட்டத் தேவையான கார்பனேட் அயனி குறைகிறது.

இந்த நிகழ்வைச் சான்றாகக் கொள்வதற்கு முன், ஆய்வகங்கள் சொன்னதை எடைபோட வேண்டும். தொட்டிச் சோதனையின் பலம் தெளிவானது: மற்ற எல்லாவற்றையும் மாறாமல் வைத்து, நீரின் வேதியியலை மட்டும் மாற்றலாம். 2009இல் ஜஸ்டின் ரீஸ் குழு 18 உயிரினங்களை 60 நாட்கள் வெவ்வேறு கார்பன் அளவுகளில் வளர்த்தது. பத்து இனங்களில் ஓடு வளரும் வேகம் குறைந்தது. ஆனால் நண்டு, இறால் போன்றவற்றில் அது கூடியது. ‘அமிலமானால் ஓடு கரையும்’ என்ற எளிய வாய்ப்பாட்டை உடைத்ததும் ஆய்வகந்தான்.

குறைகளும் அங்கேதான் தொடங்குகின்றன. கடலில் நூறாண்டில் நேரும் மாற்றத்தைத் தொட்டி சில நாட்களில் திணிக்கிறது. இரவும் பகலும் ஒரே பிஎச் அளவு நிற்கிறது. கரையோரக் கடல் அப்படி நிற்பதே இல்லை. அமைப்புப் பிழை இன்னும் கவலைக்குரியது. ஒரே கலத்திலிருந்து நீர் பெறும் பத்துத் தொட்டிகளைப் பத்துத் தனிச் சோதனைகளாக எண்ணுவது தவறு. அவை ஒரே சோதனை. 2016இல் கார்ன்வாலும் ஹர்டும் 465 ஆய்வுகளை அலசியபோது, சரியான அமைப்பு கொண்டவை 27 மட்டுமே என்று கண்டார்கள். முடிவுகள் எல்லாம் பொய் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் அவற்றின் உறுதியை நாம் மிகையாக நம்பியிருக்கிறோம்.

கடலடி ஊற்றுகள் வேறு கதை சொல்கின்றன. இத்தாலியின் இஸ்கியா தீவருகே எரிமலை வாயு குமிழியிடும் இடத்தில், பிஎச் குறைந்த பகுதியில் நத்தைகளின் ஓடு அரிக்கப்பட்டிருப்பதை ஹால்-ஸ்பென்சர் குழு 2008இல் காட்டியது. அங்கேயே மட்டிகளைக் கொண்டு வைத்தபோது, ஓட்டின் மேலிருந்த கரிம உறை அவற்றை ஓரளவு காத்தது. உறை தேய்ந்த இடத்தில் அரிப்பு. வெப்பமும் கூடினால் நிலைமை இன்னும் மோசம். ஜெர்மனியின் கீல் ஃபியோர்டில் நீல மட்டிகள் கார்பன் மிகுந்த நீரிலும் செழிக்கின்றன. இரை ஏராளமாகக் கிடைப்பதால் ஓடு கட்டும் கூடுதல் செலவை அவை தாங்குகின்றன.

இதைக் காட்டிப் பயம் வீண் என்பாரை ஏற்க எனக்கு மனமில்லை. ஊற்றுப்பகுதி சிறியது. நல்ல நீரில் பிறந்த இளவுயிரிகள் சுற்றிலுமிருந்து அங்கே வந்துகொண்டே இருக்கும். கடல் முழுவதும் மாறினால் அந்த வரத்து எங்கிருந்து வரும்? வளர்ந்த மட்டி பிழைப்பதைப் பார்த்து இனமே பிழைக்கும் என்று சொல்ல முடியாது.

நெட்டார்ட்ஸ் நிகழ்வு முக்கியமாவது இங்கேதான். 2009 கோடையில் ஆலன் பார்ட்டனும் உடனிருந்தோரும் விரிகுடா நீரைத் தொடர்ந்து அளந்தார்கள். பிஎச் 7.6க்கும் 8.2க்கும் இடையே ஏறியிறங்கியது. முட்டை கருவுற்ற நாளின் நீர் மோசமாக இருந்தால், அந்தத் தொகுதி வாரங்கள் கழித்தும் தேறவில்லை. இது கள அளவை. காரணத்தைத் தனியே பிரிக்க அதனால் இயலாது, ஏனெனில் கடலில் பிஎச் குறையும்போது கார்பனேட்டும் சேர்ந்தே குறையும். ஜார்ஜ் வால்டுபஸ்ஸர் குழு தொட்டியில் அவற்றைப் பிரித்துப் பார்த்தது. 2015இல் வெளியான முடிவு: இளவுயிரியின் முதல் ஓட்டை முடக்குவது பெரும்பாலும் பிஎச் அன்று, ஓட்டின் கனிமமான அராகனைட்டுக்குரிய செறிவுநிலை. முதல் ஓடு ஏறத்தாழ இரண்டே நாட்களில் கட்டப்படுகிறது. அப்போது இரை தின்னும் உறுப்பு முதிர்ந்திருக்காது. முட்டையில் உள்ள சேமிப்பே முழு முதல். கீல் மட்டிக்குக் கிடைத்த இரையின் துணை இங்கே இல்லை.

ஆகவே, வளர்ந்த விலங்கைச் சில வாரம் தொட்டியில் வைத்து எடுத்த முடிவுகளைவிட, இந்த இரண்டு நாள் இடைவெளியைக் குறிவைத்த சோதனைகளுக்கே நான் அதிக மதிப்புத் தருவேன். பொரிப்பகமும் அதே வழியில் போனது. நீரில் சோடியம் கார்பனேட் சேர்த்துச் செறிவுநிலையை உயர்த்தினார்கள். இளவுயிரிகள் மீண்டும் தேறின. குழாய் வழி வரும் நீருக்கு அது முடியும். வெளியே விரிகுடாவில் முட்டையிடும் சிப்பிக்கு அந்த வசதி இல்லை.