வ்யாக்யானப் பதிப்பில் பிரதீகமும் தடித்த எழுத்தும்

வ்யாக்யான நூலை அச்சிடும் பதிப்பாசிரியர் பக்கந்தோறும் ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். மூலத்தின் சொல் எங்கே முடிகிறது? வ்யாக்யாதாவின் வாக்கு எங்கே தொடங்குகிறது? ஆங்கிலப் பதிப்பாளருக்கு இது தொல்லையன்று. எடுத்த சொல்லைச் சாய்வெழுத்தில் வைத்து அப்பால் செல்வார். அந்தச் சாய்வெழுத்து அவர்களுடைய கையெழுத்து மரபிலிருந்து பிறந்தது. 1501இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் வெர்ஜிலின் நூலை முழுதும் அவ்வெழுத்தில் அச்சிட்டார். ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்காட்ட அதைப் பயன்படுத்துவது பின்னர் வந்த வழக்கம். தமிழெழுத்துக்கு அப்படியொரு இணைவடிவம் அச்சு மரபில் இல்லை. கணினியில் சாய்வு என்று கிடைப்பது நேரெழுத்தையே ஒரு பக்கம் தள்ளிவைத்த உருவம். அவ்வாறு தள்ளும்போது அடிக்கோடு நிலைத்திருக்க, மேலே இருப்பது மிகுதியாக நகரும். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது மெய்யின் புள்ளி. ஆகவே சிற்றளவு எழுத்தில் ஒரு மெய்யின் புள்ளி அடுத்த எழுத்தின் தலையை நோக்கிச் சென்று நிற்கும். ஒற்று மிகுந்த தமிழில் இது கண்ணுக்கு இடர்.

ஓலையில் எழுதினவர்கள் என் செய்தார்கள் என்று பார்த்தால் வழி தெரியும். எழுத்தாணியால் கீறிக் கரி பூசின ஓலையில் தடிமன் இல்லை, நிறமும் இல்லை. எனவே எடுத்துக்காட்டும் பணியை உரைநடையே ஏற்றுக்கொண்டது. எடுத்த சொல்லுக்குப் பின் ‘என்று’, ‘என்கையாலே’, ‘என்கிறார்’ என வரும். ஸம்ஸ்க்ருத வ்யாக்யானத்தில் ‘இதி’ செய்வதை இங்கே இவை செய்யும். வலியுறுத்த வேண்டிய இடத்தில் ஏகாரமும் ‘இறே’, ‘காண்’, ‘கிடீர்’ என்பவையும் வரும். மணிப்பிரவாள நூல்களில் ஸம்ஸ்க்ருதச் சொற்களை க்ரந்தாக்ஷரத்திலே எழுதியதனால் லிபியே ஒரு வேறுபாட்டைக் காட்டிற்று. க்ரந்தமும் தமிழும் கலந்த பழைய அச்சுப் புத்தகங்களிலும் அது தொடர்ந்தது. முழுதும் தமிழ் லிபியில் அச்சிடும் வழக்கம் வந்தபின் அந்த வேறுபாடு மறைந்தது. அதன் இடத்தை நிரப்ப வந்ததே தடித்த எழுத்து.

தடித்த எழுத்து தவறன்று. தமிழுக்குக் கிடைக்கும் வழிகளில் அதுவே நன்று. எழுத்தின் வடிவம் மாறாது, வரியின் உயரம் மாறாது, கறுப்பு மை ஒன்றே போதும். குறை அதைப் பயன்படுத்தும் முறையில் இருக்கிறது. அண்மைக் காலப் பதிப்புகள் பலவற்றில் பிரதீகமும் தடிப்பு, ப்ரமாண ச்லோகமும் தடிப்பு, பதிப்பாசிரியர் சிறந்ததென்று கருதிய கருத்தும் தடிப்பு.

இதனால் வரும் கேட்டை ஆக்கிக்கொண்ட ஒரு வாக்கியத்தில் காணலாம். மூலத்தில் ‘அவனே வந்தான்’ என்று மட்டும் உள்ளதாகக் கொள்க. உரை இவ்வாறு அமையும்: “அவனே வந்தான் என்று. வந்தான் என்கையாலே இவன் அழையாமை தோற்றும். ஏகாரத்தாலே பிறர் வரவை விலக்குகிறது.” இங்கே தடித்தவை அனைத்தும் மூலத்தின் எழுத்துக்கள். இனி, ‘அழையாமை’ என்பதே இவ்விடத்தின் உயிர் என்று கருதி ஒருவர் அதையும் தடிக்கிறார். மூலத்தை முன்னமே அறிந்தவர்க்குத் தீங்கில்லை. அறியாமல் உரைவழியே மூலத்தைக் கற்பவரோ ‘அழையாமை’ என்பதும் மூலபதம் என்று கொள்வார். அடுத்த பதிப்பைத் தொகுப்பவர் அதைப் பாடபேதமாகக் குறித்தாலும் வியப்பில்லை. வ்யாக்யாதாவின் சொல் ஆழ்வாரின் சொல்லாக ஏறிவிடும். வலியுறுத்தும் பணியை ‘ஏ’ முன்னமே செய்து முடித்திருக்க, பதிப்பாசிரியர் தம் கைக்கு ஒரு வேலை தேடிக்கொண்டதன் பலன் இது. ஆகவே ஒரு நூலில் தடிப்புக்கு ஒரே பொருள் இருக்க வேண்டும்: தடித்தது மூலம். ப்ரமாணத்துக்கு மேற்கோட்குறி போதும். முழு ச்லோகமானால் உள்தள்ளித் தனி வரியாக வைக்கலாம். கருத்தை எடுத்துக்காட்ட எதுவும் வேண்டா.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் ஸந்தியில் உள்ளது. ‘வந்தான் என்று’ என்பதைப் பழைய முறையில் ‘வந்தானென்று’ எனச் சேர்த்து அச்சிட்டால் ‘னெ’ என்னும் ஓரெழுத்தில் னகரம் மூலத்தைச் சேர்ந்தது, எகரம் உரையைச் சேர்ந்தது. பாதி எழுத்தைத் தடிக்க இயலாது. கணினியில் அதைச் செய்யப் புகுந்தால் கொம்பு தன் மெய்யை இழந்து, சில மென்பொருள்களில் ஒரு புள்ளிவட்டத்தின் மேல் தொற்றி நிற்கும். மெய்ப்புப் பார்ப்பவர் அந்த வட்டத்தைக் கண்டால் காரணம் இதுவென்று அறியலாம். எழுத்து முழுவதையும் தடித்தால் உரையின் எகரம் மூலத்தில் புகும். தடியாவிட்டால் மூலத்தின் னகரம் வெளியே நிற்கும். பிரதீகத்தின் ஈற்றில் மட்டும் ஸந்தியைப் பிரித்து, ‘வந்தான் என்று’ என அச்சிடுவதே வழி. அவ்வாறு பிரித்தமையை முன்னுரையில் ஒரு வரியால் தெரிவிப்பது கடமை. உரையின் மற்றைய ஸந்திகளைத் தொட வேண்டியதில்லை.

எழுத்தின் அளவை மாற்றுவது பத்திக்கே பொருந்தும், சொல்லுக்குப் பொருந்தாது. பாசுரத்தை 16 பாயிண்டிலும் உரையை 12 பாயிண்டிலும் வைப்பது அழகு. உரைவரியின் நடுவே ஒரு சொல்லை மட்டும் 14 ஆக்கினால் அதன் மேல்விலங்கு முந்தைய வரியையும், ‘கூ’, ‘மூ’ போன்றவற்றின் கீழ்ச்சுழி பிந்தைய வரியையும் நெருக்கும். வரியிடைவெளியைக் கணினியே அமைக்க விட்டால் அந்த ஒரு வரி விலகிப்போகும். செந்நிறத்துக்கு இரண்டாவது மை வேண்டும். தாள் சற்று நகர்ந்தாலும் சிவப்புச் சொல் தன் இடத்தில் அமையாது. காலக்ஷேபத்துக்கு நகலெடுத்தால் சிவப்பும் கறுப்பும் ஒன்றாகிவிடும். அப்போது பிரதீகம் எதுவென்று காட்ட ஒன்றும் மிஞ்சாது.

எழுத்துக்களை இடைவெளி விட்டுப் பரப்புவது ஜெர்மானியர் வழி. அவர்களுடைய பழைய ஃப்ராக்டூர் எழுத்துக்குச் சாய்வு வடிவம் இல்லாமையால் அதைக் கைக்கொண்டார்கள். அவர்கள் எழுத்து தனித்தனியே நிற்பது. தமிழில் ‘போ’ என்னும் ஓரெழுத்து ஏ-கொம்பு, பகரம், கால் என மூன்று உருவமாக வரியில் நிற்கிறது. இவற்றைப் பரப்பினால் கால் அடுத்த எழுத்தோடு உறவு கொண்டாடும்; காலும் ரகரமும் ஏறக்குறைய ஒத்த வடிவாதலால் ‘கால்’ என்பதைக் ‘கரல்’ என்று வாசிக்கவும் இடமுண்டு. எழுத்தை உடைக்காமல் பரப்பும் மென்பொருள்கள் உள்ளன. அப்போதும் சொற்களுக்கிடையிலான வெளியும் எழுத்துக்களுக்கிடையிலான வெளியும் ஒன்றையொன்று நெருங்கி, பதப்பிரிவே ஐயத்துக்கு உள்ளாகும். பதம் பிரிப்பதிலேயே பொருள் மாறும் பாசுரங்களுக்கு இது ஆகாது.

தடிப்பைக் கொள்ளும்போதும் எழுத்துருவைச் சோதித்தே கொள்ள வேண்டும். சில எழுத்துருக்களில் தனியே வரைந்த தடித்த வடிவம் இராது. மென்பொருள் மெல்லிய வடிவின் ஓரத்தைப் பருக்கச் செய்து தடிப்பென்று தரும். அச்சிடக் கொடுக்குமுன் ‘கண்ணன்’, ‘ஞானம்’, ‘இணை’ என்னும் மூன்று சொற்களை உரையின் அளவிலேயே தடித்து ஒரு தாளில் எடுத்துப் பார்த்தால் போதும். ணகரத்தின் சுழிகள் அடைபட்டு ‘ண’, ‘ன’ வேறுபாடு மங்கினாலோ, புள்ளி தன் எழுத்தோடு ஒட்டிக்கொண்டாலோ அது பொய்த்தடிப்பு. அந்த எழுத்துருவை விலக்கி, தடித்த வடிவம் தனியே வரையப்பட்ட வேறொன்றைத் தேட வேண்டும்.